தரமாட்டேன் அக்காவும் மத்தியான மருந்தும்

தெருமுனை மருந்துக்கடையில் வேலை பார்த்தவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் தெருவில் பாதிப் பேர் விழிப்பார்கள். ‘தரமாட்டேன் அக்கா’ என்றால் போதும், நடக்கப் பழகும் குழந்தை கூடக் கடையைக் கைகாட்டும். பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. எதற்கு வைத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். “இருமல் மருந்து ஒண்ணு குடுங்க” என்று போய் நின்றால் மற்றக் கடைகளில் கை தானாக அலமாரிக்குப் போகும். இவளுக்குக் கை போகாது, வாய்தான் போகும்.

“யாருக்கு?”

“வீட்டுக்கு.”

“வீடா இருமுது? ஆள் யாரு, வயசு என்ன?”

அதோடு விடமாட்டாள். சளி வருகிறதா, இல்லை தொண்டை அரித்துக்கொண்டு வறட்டு இருமலா என்று கேட்பாள். “இருமல்னா இருமல்தானேக்கா, அதுல என்ன சாதி?” என்று யாராவது சலித்துக்கொண்டால், “எங்க, ஒரு தடவை இருமிக் காட்டுங்க” என்பாள். மீசை முறுக்கிய ஆள்கள் எல்லாம் நடுக்கடையில் நின்று வெட்கத்தோடு இருமிக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்துத் தையல்காரர், “அந்தக் கடையில பாட்டுப் பரீட்சை வெச்சுத்தான் மருந்து தர்றாங்க” என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அவளுக்கு அது விளையாட்டு இல்லை. நெஞ்சுக்குள் கொழகொழவென்று சளி புரள்கிற சத்தமும், காய்ந்த சருகைக் கசக்குகிற மாதிரி வரும் வறட்டுச் சத்தமும் அவள் காதுக்கு இரண்டு வேறு மொழி. சளி இருமலுக்குச் சளியை இளக்கி வெளியே கொண்டுவருகிற மருந்து. ஒன்றும் வெளியே வராமல் உயிரை வாங்குகிற வறட்டு இருமலுக்கு இருமலை அடக்குகிற மருந்து. மாற்றிக் கொடுத்தால், வெளியேற வேண்டிய சளி உள்ளேயே குடியிருக்கும். “இருமல்ங்கிறது துடைப்பம். குப்பை இருக்கும்போது துடைப்பத்தைப் பிடுங்கி ஒளிச்சு வெச்சிட்டு, பார் வீடு எவ்வளவு அமைதியா இருக்குன்னு சொல்லலாமா?” என்று கேட்பாள். குழந்தைக்கு என்று யாராவது வாய் திறந்தால் இன்னும் மோசம். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆறு வயதுக்குக் கீழே எந்த இருமல் பாட்டிலும் அவள் கையிலிருந்து நகராது. அங்கேதான் அந்தப் பட்டம் பிறந்தது.

இந்தக் கோபத்துக்குப் பின்னால் பெரிய சோகக் கதை ஒன்று இருக்கும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. பிறவியிலேயே அவளுக்குக் கோபம் வாய்த்திருந்தது. நாலாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் தப்பாகப் போட்ட கூட்டலைத் திருத்தச் சொல்லி, அவர் திருத்தும் வரை உட்காராமல் நின்றவள். மருந்தாளுநர் படிப்பு முடித்து, மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பாட்டில்களைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் சில வருடம் இருந்தாள். மூடி சரியாக உட்காராத பாட்டில்களைத் திருப்பித் திருப்பி அனுப்பியதில் மேலாளருக்கும் அவளுக்கும் ஆகாமல் போயிற்று. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த பிறகு இந்தக் கடை. கணவர் மின்தூக்கி பழுதுபார்க்கிறவர், பொறுமைசாலி. “நடுவுல மாட்டிக்கிட்டவங்களை எறக்கி விடுறதுதான் என் தொழில். வீட்டுலயும் அதேதான்” என்பார்.

கடை முதலாளிக்கு மருந்துப் படிப்பு கிடையாது. பணம் அவருடையது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த மருந்தாளுநர் சான்றிதழ் இவளுடையது. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் கடை திறக்கலாம் என்பதால் அவளுடைய கறாரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவந்தார். நல்ல மனுஷர்தான். கல்லாப்பெட்டி விஷயத்தில் மட்டும் காது கொஞ்சம் மந்தம்.

ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம். ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண் ஒருத்தி தன் இரண்டரை வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் அவசரமாக நுழைந்தாள். ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, “அக்கா, அந்தச் சிவப்பு மருந்து ஒண்ணு குடுங்க. டீச்சரம்மா குடுப்பாங்களே, அது” என்றாள்.

டீச்சரம்மா என்றால் யார் என்று தரமாட்டேன் அக்காவுக்குத் தெரியும். தெருவின் நடுவில் வாடகை வீடு ஒன்றில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவர். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போவார்கள்.

“எந்தச் சிவப்பு மருந்து?”

அந்தப் பெண் அலமாரியை எட்டிப் பார்த்து, மேல்தட்டில் இருந்த ஒரு பாட்டிலைக் காட்டினாள். பார்த்ததும் தரமாட்டேன் அக்காவுக்கு முகம் மாறியது. பெரியவர்களின் வறட்டு இருமலுக்கான மருந்து அது. இருமலை அடக்குகிற சரக்கு ஒன்று, தும்மலையும் மூக்கொழுகலையும் நிறுத்தி ஆளைத் தூங்க வைக்கிற சரக்கு ஒன்று, இரண்டும் கலந்தது. அதைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று பெரிய ஆள்களுக்கே சொல்லித்தான் கொடுப்பாள்.

“இதை இந்தப் பாப்பாவுக்கா?”

“ஆமாக்கா. மத்தியானம் ஒரு கரண்டி குடுத்தா இருமல் சத்தமே இல்லாம நல்லா தூங்குறாளாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும்தான் மறுபடியும் ஆரம்பிக்குது. ராத்திரிக்கும் வீட்டுல ஒண்ணு வெச்சுக்கலாம்னு பார்த்தேன். சளிக்குன்னு வேற கடையில ஒரு சொட்டு மருந்து வாங்கினேன், அதையும் குடுத்துட்டுத்தான் இருக்கேன்.” கைப்பையிலிருந்து அந்தக் குப்பியையும் எடுத்துக் காட்டினாள்.

தரமாட்டேன் அக்கா குப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். வேறு பெயர், வேறு நிறம், அழகான யானைப் படம். உள்ளே இருந்ததோ சிவப்பு மருந்தில் இருக்கிற அதே தூக்கச் சரக்கு. ஆக, இந்தப் பிஞ்சு உடம்புக்கு ஒரே மருந்து இரண்டு வாசல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது குழந்தை இருமியது. கண் திறக்காமலே இருமியது. உள்ளே சளி புரள்கிற சத்தம், ஆனால் வெளியே தள்ளத் தெம்பில்லாத இருமல். தரமாட்டேன் அக்கா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். “பாப்பா, இங்க பாருடா” என்று கன்னத்தைத் தட்டினாள். குழந்தை ஒரு கணம் கண்ணைத் திறந்து, யாரையும் பார்க்காமல் மூடிக்கொண்டது. உடம்பு கொதித்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினாள். நாற்பதைத் தாண்டியும் நிமிடம் முடியவில்லை. இந்த வயதுக்கு அது ஆபத்தான வேகம்.

“எப்பலேருந்து இப்படி அசந்து கிடக்கா?”

“மருந்துத் தூக்கம்தான்னு டீச்சரம்மா சொன்னாங்க...”

“இது தூக்கம் இல்லம்மா. கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு. இப்பவே.” முதலாளி பக்கம் திரும்பினாள். “அண்ணே, காரை எடுங்க.”

“நானா? கடையில ஆள்...”

“கடை எங்கேயும் ஓடாது. எடுங்கண்ணே!”

அந்தக் குரலைக் கேட்டதும் முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்து, நெஞ்சைப் படம் எடுத்து, நிமோனியா என்று சொல்லி உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். குழந்தைகள் மருத்துவர் குட்டையான பெண்மணி, சுருக்கமாகப் பேசுகிறவர். இரண்டு பாட்டில்களையும் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“மருந்தாலதான் நிமோனியா வந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன். கிருமியால வந்தது. ஆனா இருமலை அடக்கினதுல சளி உள்ளேயே தங்கிடுச்சு. காய்ச்சல்ல சோர்ந்து கிடக்கா, மருந்துல தூங்குறாளான்னு யாருக்கும் தெரியாமலும் போச்சு. ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்க வேண்டிய குழந்தை இது. இந்த வயசுல இந்த மருந்து மூச்சையே மந்தமாக்கும். குழந்தைன்னா சின்ன சைஸ் பெரியவங்க இல்ல. பெரியவங்க அளவைப் பாதியாக்கிக் குடுத்தா சரியாப் போயிடும்னு நினைக்கிறாங்க.”

தாய் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். தரமாட்டேன் அக்காவுக்கு அழுகை வரவில்லை. காது மடல் வரைக்கும் சூடாக இருந்தது. அந்தச் சிவப்பு பாட்டில் தன் கடையில் இருக்கிற சரக்கு. இந்தத் தெருவில் வேறு மருந்துக்கடை கிடையாது. அப்படியானால் டீச்சரம்மாவுக்கு அதைக் கொடுத்தது யார்?

மறுநாள் காலையில் கடை திறந்ததும் கேட்டாள். முதலாளி குனிந்து கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“நீ சாப்பிடப் போற நேரத்துல வருவாங்க. பழகின ஆளு. இருமல் மருந்துதானேம்மா, சாராயமா குடுத்தேன்?”

“எத்தனை பாட்டில் வாங்கினாங்க?”

“மழைக்காலம் பாரு... கொஞ்சம் கூடத்தான்.”

“ஒரு பொம்பளை தனியாளா அத்தனை பாட்டில் குடிச்சா அவங்களே தரையில கிடப்பாங்களே, யாருக்குன்னு கேட்கத் தோணலையா உங்களுக்கு? நான் இருக்கும்போது அவங்க ஏன் வரலைன்னு தோணலையா?”

“நீ இருந்தா தரமாட்டியே!” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் முதலாளி. சொன்ன பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டார்.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போகாமல் காப்பகத்துக்கு நடந்தாள். தினமும் இதே நேரத்தில் அந்த வீட்டைத் தாண்டித்தான் சாப்பிடப் போவாள். இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு எவ்வளவு அமைதியாக நடத்துகிறார் இந்த அம்மா என்று மெச்சிக்கொண்டே போனதுண்டு. அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிந்தது.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரிய அறை, சுவரில் பலூன் படங்கள், தரையில் விரிப்புகள். விரிப்புகளில் வரிசையாகப் பிள்ளைகள். வாய் திறந்து, கை விரிந்து, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்கள். ஒன்று கூடப் புரளவில்லை. ஒரே ஒரு பொடியன் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தான். கண் சிவந்து, வேர்த்து, நிற்க மாட்டாமல் குதித்தான். ஜன்னல் மேடையில் சிவப்புப் பாட்டில், பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கரண்டி. எல்லாருக்கும் ஒரே கரண்டி.

டீச்சரம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். பருத்த உடம்பு, இனிமையான குரல். பிள்ளைகள் அவரைக் கண்டால் ஓடிவந்து ஒட்டிக்கொள்வார்கள் என்பதும் உண்மைதான்.

“வாங்க, வாங்க. பாப்பா எப்படி இருக்கா? கேள்விப்பட்டதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு.”

“இதுங்க எல்லாருக்குமே இருமலா?”

டீச்சரம்மா பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “மழைக்காலத்துல எல்லாருக்கும்தான் இருக்கு. இல்லாதவங்களுக்கும் வராம இருக்கட்டும்னு...”

“வராம இருக்கவா? இருமலை வராம தடுக்குற மருந்துன்னு எந்த ஊர்ல இருக்கு? இவன் ஏன் இப்படிக் குதிக்கிறான்?”

“அவன் ஒருத்தனுக்குத்தான் இது தலைகீழா வேலை செய்யுது. குடிச்சா இன்னும் ஆடுறான். அதான் ரெண்டு கரண்டியா...”

சொல்லி முடிக்கவில்லை. தரமாட்டேன் அக்கா பாட்டிலைப் பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சின்ன எழுத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்தாள். “ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது. தூக்கம் உண்டாக்கும். போட்டிருக்கா இல்லையா? சில பிள்ளைகளுக்கு இந்தச் சரக்கு தூக்கத்துக்குப் பதிலா வெறியைக் கிளப்பும். அதைப் பார்த்த பிறகும் இன்னொரு கரண்டி ஊத்தியிருக்கீங்களே, உங்க கை எப்படிங்க நீண்டுச்சு? பேசத் தெரியாத ஜீவனுங்க. தலை சுத்துது, வாய் காயுதுன்னு யார்கிட்டச் சொல்லும்?”

“நான் ஒருத்தி! கூட இருந்த பொண்ணு போயிட்டா. சமைக்கணும், கழுவணும், ஊட்டணும். ஒண்ணு இருமி அழுதா எல்லாம் எழுந்து அழுது. இருமுற பிள்ளையை ஏன் சேர்த்தீங்கன்னு மத்தவங்க சண்டைக்கு வர்றாங்க. இருமுற பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்கன்னா, லீவு இல்லைன்னு பெத்தவங்க காலைப் பிடிக்கிறாங்க. நான் விஷமா குடுத்தேன்? கடையில விக்கிற மருந்து!”

“கடையில எலி மருந்தும்தான் விக்குது.”

அதோடு பேச்சை நிறுத்தினாள். கோபத்தை விட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. ஒவ்வொரு விரிப்பாகக் குனிந்து, ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பினாள். மூச்சு சீராக இருக்கிறதா, உதடு நிறம் மாறியிருக்கிறதா, கண்ணைத் திறந்து ஆளைப் பார்க்கிறதா என்று பார்த்தாள். சில பிள்ளைகள் எழுந்த வேகத்தில் வீல் என்று அழுதன. அழுத பிள்ளைகளைப் பார்த்துத்தான் அவளுக்கு மூச்சு வந்தது. ரெண்டு கரண்டிப் பொடியனுடைய நெஞ்சு படபடவென்று அடித்தது. அவனுடைய அப்பாவைத் தொலைபேசியில் வரவழைத்து, பாட்டிலையும் கையில் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மற்றப் பிள்ளைகள் முழுதாகத் தெளிந்து, தண்ணீர் குடித்து, ஒன்றையொன்று கிள்ளத் தொடங்கும் வரை அந்த அறையை விட்டு அவள் நகரவில்லை. டீச்சரம்மாவும் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

கடைக்குத் திரும்பியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த தன் சான்றிதழைக் கழற்றினாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது.

“என்னம்மா பண்ற?” என்று பதறினார் முதலாளி.

“என் பேரை மாட்டி வெச்சு என் முதுகுக்குப் பின்னாடி வியாபாரம் பண்ணீங்க. பேரு எனக்கு வேணும்ணே.”

“அதைக் கொண்டுபோனா நான் கடையை மூடணும்.”

“ஆமா” என்றாள். சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நடந்து போனாள். தையல்காரர் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் சுகாதார அலுவலகத்தில் ஏறி, நடந்ததைச் சொல்லிப் புகார் கொடுத்தாள். அங்கே இருந்தவர், “காப்பகம் எங்க துறை இல்லையே” என்று ஆரம்பித்தார். “பிள்ளைங்க எந்தத் துறைன்னு நீங்களே கண்டுபிடிங்க, நான் இந்த பெஞ்சுலதான் இருக்கேன்” என்று உட்கார்ந்துவிட்டாள். அலுவலகம் பூட்டும் நேரம் நெருங்கியபோதுதான் துறை கிடைத்தது.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பகத்திலேயே பெற்றோர்களைக் கூட்டினார்கள். அவளையும் வரச்சொன்னார்கள். எல்லாரும் டீச்சரம்மா மேல் பாயப் போகிறார்கள் என்று நினைத்துப் போனாள். பாய்ந்தார்கள்தான். ஆனால் பாதிப் பேர் பாய்ந்தது இவள் மேல்.

“உங்களுக்கென்ன, புகார் குடுத்துட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு இதை மூடினா என் பிள்ளையை உங்க கவுண்டர்லயா விட்டுட்டு வேலைக்குப் போறது?” என்று ஒரு செவிலிப் பெண் கேட்டாள்.

மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர், “தூங்கினா உடம்புக்கு நல்லதுதானே? எங்களுக்கெல்லாம் சின்ன வயசுல குடுத்ததுதான். நாங்க செத்தா போயிட்டோம்?” என்றார்.

தரமாட்டேன் அக்காவுக்குக் கண்ணில் பொறி பறந்தது.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்கிறது உங்க அதிர்ஷ்டம் சார், மருந்தோட குணம் இல்ல. சில பாட்டில்ல கோடீன்னு ஒரு சரக்கு இருக்கும். உடம்புக்குள்ள போனதும் அது மார்ஃபினா மாறும். யாரோட உடம்பு அதை வேகமா மாத்தும்னு வெளியிலிருந்து பார்த்தாத் தெரியாது. வேகமா மாத்துற பிள்ளைக்கு ஒரு கரண்டியிலேயே மூச்சு நின்னுடலாம். அதனாலதான் பன்னெண்டு வயசுக்குக் கீழ அதைத் தொடவே கூடாது. இந்தச் சிவப்பு பாட்டில்ல அது இல்ல. இருந்திருந்தா? டீச்சரம்மா சின்ன எழுத்தைப் படிக்கல, எங்க முதலாளி கேள்வி கேட்கல, நீங்க யாரும் கேட்கல. எது குடுத்தாலும் ஊத்தியிருப்பாங்க! தூங்குது தூங்குதுன்னு சந்தோஷப்பட்டிருப்பீங்க!”

அறையில் சத்தம் கூடியது. அப்போது பின் வரிசையிலிருந்து ஜவுளிக்கடைப் பெண் எழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். கசங்கிய புடவை, வாராத தலை.

“டீச்சரம்மா என்கிட்ட பாப்பாவைச் சேர்த்த முதல் வாரமே சொன்னாங்க” என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் எல்லாரும் அடங்கினார்கள். “மத்தியானம் ஒரு கரண்டி குடுத்துத் தூங்க வைப்பேன், சரியான்னு கேட்டாங்க. நான் சரின்னேன். கடையில நிம்மதியா பில் போடலாம்ல, அதான். இங்க முக்காவாசிப் பேர்கிட்ட அவங்க சொல்லியிருக்காங்க. தெரியாத மாதிரி உட்காராதீங்க. என் பொண்ணு மூச்சுக்குத் திணறினதை நான் பார்த்தேன். நீங்க பார்க்கல.”

மடிப்புச் சட்டைக்காரர் செல்போனை எடுத்துப் பார்த்தார்.

தரமாட்டேன் அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆஸ்பத்திரியில் அன்று அழுதபோது இதைச் சொல்லவில்லையே என்று ஒரு பக்கம் கோபம். இவ்வளவு பேர் நடுவில் எழுந்து சொல்கிறாளே என்று இன்னொரு பக்கம். இந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் லீவு கொடுக்க மனமில்லாத ஜவுளிக்கடைக்காரர் மேல், தெரு முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் இருந்தும் ஒழுங்கான காப்பகம் ஒன்று நடத்த வக்கில்லாத ஊர் மேல், எல்லாவற்றின் மேலும் கோபம். எதன் மேல் முதலில் காட்டுவது என்று தெரியாமல் அவள் வாயடைத்து நின்றது அன்று ஒரு நாள்தான்.

காப்பகத்தை மூடவில்லை. சாவி அதிகாரிகள் நியமித்த வேறொரு பெண்ணின் கைக்குப் போயிற்று. கூடவே இரண்டு உதவியாளர்களும் வந்தார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒரு சொட்டு மருந்தும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. கட்டணம் ஏறியது. ஏறிய கட்டணத்துக்கு இவள்தான் காரணம் என்று சில பேர் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டீச்சரம்மா மேல் வழக்குப் பதிவானது. அவர் தெருவைக் காலி செய்துவிட்டுப் போனபோது இரண்டு மூன்று பிள்ளைகள் அழுதன. அதைக் கேட்டதும், “அதுங்களுக்கு என்ன தெரியும்” என்று தரமாட்டேன் அக்கா பல்லைக் கடித்தாள். அந்தப் பொடியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கவனிப்பில் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி ஒரு வாரம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். உரிம விதியை மீறியதற்கு அபராதம் கட்டினார். பிறகு ஒரு காலையில் வீட்டுக்கு வந்து, கணவர் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் ஆற வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“தப்புத்தாம்மா. கேட்டிருக்கணும்.”

“கேட்டிருக்கணும்” என்றாள் அவளும். இரக்கப்பட்டு ஒரு வார்த்தை கூட்டவில்லை.

“திரும்ப வர்றியா?”

“நான் சாப்பிடப் போனா கடையைச் சாத்தணும். முழுசா. உங்க கை எந்த இருமல் பாட்டிலுக்கும் போகக்கூடாது.”

முதலாளி மின்தூக்கிக்காரரைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர், “எனக்கே வீட்டுல எந்த பாட்டிலையும் தொட அனுமதி இல்லைண்ணே” என்றார். அவளைத் தவிர இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவள் போனாள். வேறு எங்கே போவாள்? இந்தத் தெருவில் இருமுகிறவர்கள் அவளை விட்டால் வேறு யாரிடம் போவார்கள்?

மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கிய நாள்களில் ஜவுளிக்கடைப் பெண் மகளோடு வந்தாள். குழந்தை தன் காலில் நடந்து வந்தது. கவுண்டர் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்து, மூச்சால் ஆவி படிய வைத்து, அதில் விரலால் கோடு போட்டது. நடுவில் லொக் லொக்கென்று இருமியது.

“டாக்டர் நெஞ்சு சுத்தமாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. ஆனா இது நிக்கல. அதுவேதானாக்கா?” கேட்கும்போதே பயம் தெரிந்தது.

தரமாட்டேன் அக்கா குனிந்து காதைக் கொடுத்தாள். குழந்தை மறுபடி இருமியது. கொழகொழப்பு இல்லை. தொண்டைக்கு மேலேயே வந்து போகிற காய்ந்த சத்தம். மூச்சு அமைதியாக, வயிறு மெதுவாக ஏறி இறங்கியது. நெற்றி சில்லென்று இருந்தது.

“இது வறட்டு இருமல். நிமோனியா போன பிறகு தொண்டையும் குழாயும் கொஞ்ச நாள் புண்ணா இருக்கும், அந்த எரிச்சல்தான். தானா அடங்கும்.”

“வறட்டு இருமலுக்கு அடக்குற மருந்துதானே சரின்னு எல்லார்கிட்டயும் சொல்வீங்க?”

“அது பெரியவங்களுக்குச் சொல்றது. இவளுக்கு ஒண்ணும் வேண்டாம். வெதுவெதுன்னு தண்ணி அடிக்கடி குடு. படுக்கும்போது அரைக் கரண்டி தேன் குடு. இவளுக்கு ஒரு வயசு தாண்டிடுச்சு, அதனால பரவாயில்ல. கைக்குழந்தைக்கு அதையும் நாக்குல தடவிடாத, அது வேற ஆபத்து. காய்ச்சல் திரும்பினா, மூச்சு வேகமாச்சுன்னா, தண்ணி குடிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா, என்கிட்ட வராத. நேரா டாக்டர்கிட்டப் போ.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அந்தப் பெண் மகளைத் தூக்கிக்கொண்டாள். குழந்தை அம்மாவின் தோளுக்கு மேலாகக் கண்ணாடியில் தான் போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டே போனது.

முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். “ஒரு தேன் பாட்டிலாவது நாமளே குடுத்திருக்கலாமேம்மா.”

“அவங்க வீட்டுல இருக்கும்ணே” என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்து நின்ற ஆளிடம் திரும்பினாள். “ம், சொல்லுங்க. யாருக்கு?”